ஆட்குறைப்பு நாளில் மேசையின் மறுபுறம்

2023 பிப்ரவரி 15, புதன்கிழமை. சோழிங்கநல்லூரில் இருந்த எங்கள் அலுவலகத்தின் ஆறாவது மாடியில், காலை பத்து மணி முதல் பன்னிரண்டு மணிக்குள், என் குழுவில் இருந்த பதினான்கு பேரில் நான்கு பேரிடம் அவர்களுடைய வேலை போய்விட்டது என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. நிறுவனத்தின் தலைமையகம் அமெரிக்காவில் இருந்தது. யாரை நீக்குவது என்ற பட்டியலும் அங்கேயே தயாராகி, அதன் மேல் எந்த மாற்றமும் செய்ய முடியாது என்ற குறிப்புடன் திங்கட்கிழமை மாலை என்னிடம் வந்தது. அந்த இரண்டு நாட்களில் நான் எதைச் சரியாகச் செய்தேன், எதைத் தவறாகச் செய்தேன் என்பதை, நாளை இதே நாற்காலியில் உட்கார நேரிடுகிறவர்களுக்காகவும், எதிர் நாற்காலியில் உட்கார நேரிடுகிறவர்கள் எதைக் கேட்டுப் பெறலாம் என்று அறிந்திருப்பதற்காகவும் எழுதி வைக்கிறேன்.

பட்டியலை மாற்ற முடியாது என்று சொல்லப்பட்டாலும், நீக்கத்தின் நிபந்தனைகளை மாற்ற முடியாது என்று யாரும் சொல்லவில்லை. இந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு முழு இரவு தேவைப்பட்டது. திங்கள் இரவு நான்கு பேருக்கான கடிதங்களைத் திறந்து படித்தபோது, நால்வருக்கும் அந்தப் புதன்கிழமையே கடைசி வேலை நாள் என்றும், பணி ஒப்பந்தப்படி தர வேண்டிய 90 நாள் நோட்டீஸ் காலத்துக்கான சம்பளம் ஒரே தொகையாக வழங்கப்படும் என்றும், அதற்கு மேல் முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் என்றும் இருந்தது. மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாத கடிதம்தான். ஆனால் அந்த நால்வரில் ஒருவரான மூத்த பொறியாளரின் நிலைமையை நான் அறிவேன். அவருடைய தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடந்துகொண்டிருந்தது. அந்தச் செலவு நிறுவனத்தின் குழு மருத்துவக் காப்பீட்டில் போய்க்கொண்டிருந்தது. காப்பீடு கடைசி வேலை நாளோடு முடிந்துவிடும் என்பது கடிதத்தில் எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை. அது பாலிசி விதிகளுக்குள் இருந்தது.

அதே மனிதரின் கிராஜுவிட்டி எனப்படும் பணிக்கொடைக் கணக்கில் சுழியம் என்று போட்டிருந்தார்கள். அவர் 2018 ஆகஸ்ட் 6 அன்று சேர்ந்தவர். அன்று நடைமுறையில் இருந்த 1972ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் ஐந்தாண்டு தொடர்ச்சியான பணியைக் கேட்டது. அவருக்கு நான்கரை ஆண்டுதான் ஆகியிருந்தது என்பதால் சம்பளப் பிரிவு அந்தக் கட்டத்தில் சுழியம் போட்டிருந்தது. ஆனால் ஐந்தாவது ஆண்டில் 240 நாட்களைக் கடந்துவிட்டால் அதையும் முழு ஆண்டாகக் கொள்ளலாம் என்று சென்னை உயர் நீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே தீர்ப்பளித்திருக்கிறது. நாள்காட்டியை வைத்துக்கொண்டு எண்ணினேன். 2022 ஆகஸ்ட் 6 முதல் எண்ணினால் 240ஆவது நாள் 2023 ஏப்ரல் 2 அன்று வருகிறது. பிப்ரவரி 15 அன்று அவரை வெளியேற்றினால் அந்தக் கோட்டுக்கு 46 நாட்கள் குறைவு. நோட்டீஸ் காலத்துக்கான பணத்தைக் கையில் கொடுத்து அனுப்பாமல், வேலை எதுவும் தராமல், 90 நாட்களும் அவரை நிறுவனத்தின் சம்பளப் பட்டியலிலேயே வைத்திருந்தால் கடைசி நாள் மே 16 ஆகிவிடும். அப்போது பணிக்கொடை கிடைக்கும், தந்தையின் காப்பீடும் மூன்று மாதம் நீளும்.

இரண்டு வழியிலும் நிறுவனம் கொடுக்கும் நோட்டீஸ் சம்பளம் ஒன்றுதான். வேறுபாடு இதில்தான் இருக்கிறது: சம்பளப் பட்டியலில் இருப்பவருக்குக் காப்பீடும், வருங்கால வைப்பு நிதிக்கான பங்கும், பணிக்கால நீட்சியும் தொடர்கின்றன. வேறு நிறுவனத்தின் நேர்காணலில் "இப்போது வேலையில் இருக்கிறீர்களா?" என்று கேட்டால் பொய் சொல்லாமல் "ஆம்" என்று சொல்லவும் முடிகிறது. மூத்த பொறியாளரின் அடிப்படைச் சம்பளம் மாதம் 60,000 ரூபாய். அதை 26ஆல் வகுத்து, 15ஆல் பெருக்கி, ஐந்து ஆண்டுகளுக்குக் கணக்கிட்டால் 1,73,077 ரூபாய் வருகிறது. அதாவது கடிதத்தில் ஒரு தேதியை மாற்றுவதால் ஒரு குடும்பத்துக்கு ஒன்றே முக்கால் லட்சம் ரூபாயும் மூன்று மாத டயாலிசிஸும் கிடைத்தன.

செவ்வாய்க்கிழமை காலை இதை மனிதவளப் பிரிவிடம் கொண்டுபோனேன். முதலில் மறுத்தார்கள். மார்ச் 31க்குள் ஆட்களின் எண்ணிக்கை குறைந்திருக்க வேண்டும் என்று தலைமையகம் கேட்டிருந்தது என்பது அவர்கள் சொன்ன காரணம். நான்கு பேருடைய செலவையும் அந்தக் காலாண்டின் கணக்கிலேயே ஒதுக்கிவிடலாம் என்று நிதிப் பிரிவு சொன்ன பிறகு, நிறுவனத்தின் வழக்கறிஞரும் பணிக்கொடைக் கணக்கை ஏற்றுக்கொண்ட பிறகு, இரவு எட்டு மணி அளவில் நால்வருக்கும் கடிதங்கள் மாற்றப்பட்டன. ஒரு வரியை நான் வற்புறுத்திச் சேர்க்கச் சொன்னேன். மே 16க்கு முன் யாருக்காவது வேறு வேலை கிடைத்தால், அவர் கேட்கும் தேதியில் விடுவித்து, மிச்சமுள்ள நாட்களுக்கான சம்பளத்தை மொத்தமாகத் தர வேண்டும் என்ற வரி அது. அது இல்லாவிட்டால் சம்பளப் பட்டியலில் இருப்பதே புதிய வேலையில் சேர முடியாத கட்டாக மாறிவிடும். ஒரே காலத்தில் இரண்டு நிறுவனங்களின் வைப்பு நிதிப் பங்கு ஒருவர் கணக்கில் விழுந்தால் பின்னணிச் சரிபார்ப்பில் சிக்கலாகும். நால்வரில் ஒருவர் ஏப்ரல் முதல் வாரத்திலேயே அந்த வரியைப் பயன்படுத்திக்கொண்டார்.

இன்னொன்றையும் அந்தச் செவ்வாய்க்கிழமை எதிர்த்தேன். எனக்குத் தரப்பட்ட பேச்சுக் குறிப்பில், நால்வரையும் நிறுவனத்தின் இணையதளத்தில் அவர்களே ராஜினாமாவைப் பதியச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. அது அவர்களுடைய எதிர்காலத்துக்கு நல்லது என்று காரணமும் எழுதியிருந்தார்கள். இந்தத் துறையில் இது நெடுங்கால வழக்கம், பல மேலாளர்கள் நல்லெண்ணத்துடனேயே இதைச் செய்கிறார்கள். ஆனால் ராஜினாமா என்று பதிவான கணத்தில், ஆட்குறைப்புக்காகச் சட்டம் சொல்லும் இழப்பீட்டைக் கேட்கும் அடிப்படையே போய்விடுகிறது. வேலையிழப்புக்கான காப்பீடு எடுத்திருந்தால், தானாக விலகியவருக்கு அது பணம் தராது. நிறுவனம் எடுத்த முடிவை நிறுவனமே எழுத்தில் சொல்ல வேண்டும் என்று நான் நினைத்தேன், இன்றும் அப்படித்தான் நினைக்கிறேன். இறுதியில் பணியிடம் நீக்கப்பட்டதால் பணி முடிகிறது என்றே கடிதம் வந்தது. பணிவிடுவிப்புக் கடிதத்தில் காரணம் எதுவும் குறிப்பிடாமல், சேர்ந்த நாள், விலகிய நாள், பதவி ஆகியவற்றை மட்டும் எழுதுவது என்றும் முடிவாயிற்று. நிறுவனத்தின் உள்பதிவில் 'மீண்டும் பணியமர்த்தத் தகுதியுடையவர்' என்ற கட்டத்தில் நால்வருக்கும் 'ஆம்' என்று இருக்கிறதா என்று நானே திரையில் பார்த்தேன். சரிபார்ப்பு நிறுவனங்கள் பின்னாளில் கேட்பது அந்தக் கட்டத்தைத்தான்.

செவ்வாய்க்கிழமை பிற்பகலில், அடுத்த சில வாரங்களுக்கான வேலைகளைப் பகிர்ந்துகொடுக்கும் ஸ்பிரிண்ட் திட்டமிடல் கூட்டம் இருந்தது. அதை நான் மோசமாக நடத்தினேன். நீக்கப்படப் போகிற நால்வருக்கும் பெரிய வேலைகளைக் கொடுக்க மனம் வராமல், அவர்களுடைய பெயர்களைத் தவிர்த்துக்கொண்டே போனேன். சோதனைப் பிரிவில் இருந்த பெண் பொறியாளர் அதைக் கவனித்துவிட்டார். கூட்டம் முடிந்ததும் என் மேசைக்கு வந்து, "எனக்கு ஏன் எதுவும் கொடுக்கலை? என் வேலையில ஏதாவது குறையா?" என்று கேட்டார். இல்லை, அடுத்த வாரம் பேசலாம் என்று சொன்னேன். அன்று மாலை மகளின் பள்ளிக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டப் போவதாகச் சொல்லிக்கொண்டே அவர் போனார். எழுத்தில் தந்த ரகசிய உறுதிமொழியால் நான் வாயைத் திறக்க முடியவில்லை. செய்தியைச் சொல்ல முடியாத நிலையில் இருக்கிற மேலாளர், குறைந்தபட்சம் அந்த நாட்களில் வேலைப் பகிர்வுக் கூட்டங்களைத் தள்ளி வைக்க வேண்டும். பொய்யான வேலையும் கொடுக்கக் கூடாது, கொடுக்காமல் விட்டுக் குறிப்பால் உணர்த்தவும் கூடாது. நான் இரண்டாவதைச் செய்தேன்.

புதன்கிழமை காலை முதல் சந்திப்பு மூத்த பொறியாளருடன். மாடியின் ஓரத்தில், லிஃப்டுக்கு அருகில் இருந்த சிறிய அறையைத்தான் எடுத்திருந்தேன். வெளியே வருகிறவர் எல்லோருடைய மேசைகளையும் கடந்து நடக்க வேண்டியதில்லை என்பதற்காக. மனிதவளப் பிரிவின் பெண்மணி எனக்குப் பக்கத்தில் இருந்தார். நான் பேச ஆரம்பித்தேன். சந்தை நிலவரம், அமெரிக்க வாடிக்கையாளர்கள் செலவைக் குறைப்பது, எங்கள் பிரிவின் தயாரிப்பு ஒன்று நிறுத்தப்படுவது என்று ஏறத்தாழ நான்கு நிமிடம் பேசிவிட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்ப நான் பிளாட்பார்ம் டீமுக்கு மாறிக்கறேன். அங்க ஆள் வேணும்னு போன மாசம்தான் கேட்டாங்க" என்றார். அவர் முகத்தில் இருந்தது ஒரு சிக்கலுக்குத் தீர்வு கண்ட மகிழ்ச்சி. அதன் பிறகுதான் நான் செய்தியைச் சொன்னேன். அந்த நான்கு நிமிட முன்னுரையை அவருக்காகச் சொல்லவில்லை, என் தயக்கத்தை மறைக்கவே சொன்னேன் என்பது அந்த இடத்திலேயே எனக்கு விளங்கியது. அவருக்குக் கிடைத்தது நான்கு நிமிடப் பொய் நம்பிக்கை.

அடுத்த சந்திப்புகளில் உட்கார்ந்தவுடன் முதல் இரண்டு வாக்கியங்களிலேயே சொல்லிவிட்டேன்: "இந்த நிறுவனத்துல உங்க பணியிடம் நீக்கப்பட்டிருக்கு. இது முடிவான விஷயம், இதை நான் மாத்த முடியாது." பிறகு பேசாமல் இருந்தேன். இந்த மௌனம் கடினமானது. மனித இயல்பு அதை எதையாவது சொல்லி நிரப்பச் சொல்லும். நிரப்பக் கூடாது. ஒருவர் முப்பது விநாடி கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் உடனே "எத்தனை பேர்?" என்று கேட்டார். செய்தி உள்ளே இறங்கும் வரை அவர்கள் காதில் வேறு எதுவும் விழாது. பணக் கணக்கு, தேதிகள், காப்பீடு, மடிக்கணினி ஒப்படைப்பு எல்லாவற்றையும் அதனால்தான் ஒரே பக்கத் தாளில் அச்சிட்டு எடுத்துப் போயிருந்தேன். அறையில் அவற்றில் மூன்றை மட்டும் வாய்விட்டுச் சொன்னேன்: மே 16 வரை சம்பளம் வரும், அதுவரை காப்பீடு உண்டு, நாளை இதே நேரம் நான் உங்களை அழைப்பேன். மறுநாள் அழைப்பில்தான் உண்மையான கேள்விகள் எல்லாம் வந்தன. முதல் நாளில் யாருக்கும் கேள்வி கேட்கும் தெளிவு இருக்கவில்லை.

"ஏன் நான்?" என்று மூன்று பேர் கேட்டார்கள். மூவருக்கும் முந்தைய ஆண்டு மதிப்பீடு நன்றாகவே இருந்தது. நீங்கள் வேலை செய்த தயாரிப்பு நிறுத்தப்படுகிறது, உங்கள் திறமை காரணம் அல்ல, தனித்தனிப் பெயர்களை எப்படித் தேர்ந்தெடுத்தார்கள் என்ற முழு விவரம் என்னிடம் இல்லை என்று, உண்மை எதுவோ அதை மட்டும் சொன்னேன். கேட்கிறவரின் வேதனையைப் பார்த்து, ஏதோ ஒரு காரணத்தைக் கொடுத்துவிட்டால் அவர் ஏற்றுக்கொள்வார் என்று தோன்றும். அந்த நேரத்தில் யோசித்துச் சொல்லும் காரணம் அவருக்குள் பல ஆண்டுகள் தங்கிவிடும். அடுத்த நேர்காணலில் தன்னைப் பற்றி அவர் பேசும் முறையையே அது மாற்றிவிடும். "எனக்கு இது ரொம்ப வேதனையா இருக்கு" என்பதையும் நான் தவிர்த்தேன். அறையில் ஆறுதல் சொல்லப்பட வேண்டியவர் நான் அல்ல.

சோதனைப் பொறியாளரின் சந்திப்பு 11.30க்கு இருந்தது. 11.05க்கு என் கைபேசிக்கு அவரிடமிருந்து செய்தி வந்தது: லாகின் ஆகவில்லை, கடவுச்சொல் தவறு என்கிறது, ஐ.டி. உதவிப் பிரிவு என் கணக்கே இல்லை என்கிறது, என்ன செய்வது? கணக்குகளை முடக்கும் கட்டளை ஒவ்வொருவருடைய சந்திப்புக்கும் பிறகு ஓடும் என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். ஆனால் நால்வருக்கும் சேர்த்து 11 மணி என்று ஒரே நேரத்தைப் பதிந்திருந்தார்கள். நான் அப்போது மூன்றாவது நபருடன் இருந்தேன். அவரைப் பாதியில் விட்டு எழ முடியவில்லை. வெளியே வந்தபோது 11.20. சோதனைப் பொறியாளர் அறை வாசலில் நின்றுகொண்டிருந்தார். நான் சொல்வதற்கு முன்பே அவருக்குத் தெரிந்திருந்தது. செய்தியை ஒரு மனிதரிடமிருந்து கேட்பதற்குப் பதிலாக ஒரு பிழைச் செய்தியிடமிருந்து அவர் கேட்டார்.

இந்தத் தவறு மிக எளிதாக நேர்கிறது. முடக்கும் வேலையைச் செய்பவர்கள் வேறு நாட்டில், வேறு நேர மண்டலத்தில், பெயர்ப் பட்டியல் ஒன்றை மட்டும் பார்த்துச் செய்கிறார்கள். ஆகவே முந்தைய நாள் அந்தப் பட்டியலை வாங்கி, ஒவ்வொரு பெயருக்கும் எதிரே இந்திய நேரப்படி எந்த மணி இருக்கிறது என்று மேலாளர் தம் கண்ணால் பார்த்துவிட வேண்டும். இன்னும் நல்லது, நேரம் குறிக்காமல், சந்திப்பு முடிந்தது என்று மேலாளர் தகவல் தந்த பிறகே முடக்குவது. அடுத்த முறை, 2024இல், அப்படித்தான் செய்ய வைத்தேன்.

மதியம் ஒரு மணிக்கு மீதிப் பத்துப் பேரைக் கூட்டினேன். அதற்கு மேல் தாமதித்திருந்தால் வாட்ஸ்அப் குழுக்களே எல்லாவற்றையும் சொல்லி முடித்திருக்கும். எத்தனை பேர், எந்தத் தயாரிப்பு என்பதைச் சொன்னேன். இதோடு ஆட்குறைப்பு முடிந்தது என்று சொல்லும்படி என் குறிப்பில் எழுதியிருந்தது. முடிந்ததா என்று எனக்குத் தெரியாததால், இன்றைய பட்டியலில் இந்த அறையில் இருக்கிற யாருடைய பெயரும் இல்லை என்று மட்டும் சொன்னேன். அது அவர்களுக்குப் போதுமான ஆறுதலாக இருக்கவில்லை, இருந்திருக்கவும் முடியாது.

அன்று இரவு இரண்டு மணிக்கு, பில்லிங் கணக்குகளைச் சரிபார்க்கும் தானியங்கி வேலை நின்றுபோனது. அது மூத்த பொறியாளரின் சொந்தக் கணக்கின் அனுமதிச் சாவியான டோக்கனில் ஓடிக்கொண்டிருந்தது என்பது எங்களில் யாருக்கும் நினைவில்லை. கணக்கு முடங்கியதும் அதுவும் முடங்கியது. பிழை எச்சரிக்கையும், அவசரக் கோளாறுகளைக் கவனிக்க வேண்டியவர்களின் அந்த வார ஆன்-கால் பட்டியலில் இருந்த அவருடைய கைபேசிக்கே போயிருக்கிறது. அன்று காலை வேலையை இழந்த மனிதரை, நள்ளிரவில் நிறுவனத்தின் எச்சரிக்கை எழுப்பியிருக்கிறது. காலையில் குழுவில் ஒருவர் அவரை அழைத்து டோக்கனைப் பற்றிக் கேட்கப் போனார், நான் தடுத்தேன். சம்பளப் பட்டியலில் இருக்கிறார் என்பதால் கேட்கலாமே என்று சிலர் சொன்னார்கள். வேலை எதுவும் தரப்படாது என்று கடிதத்தில் எழுதியிருந்ததை நினைவுபடுத்தினேன். ஆறு மணி நேரத்தில் நாங்களே புதிய சேவைக் கணக்கில் அதை ஓட வைத்தோம். அவரிடம் அந்த எச்சரிக்கைக்காக மன்னிப்புக் கேட்டேன். ரகசியம் காக்கச் சொல்லப்பட்ட இரண்டு நாட்களில், யாரிடமும் எதுவும் கேட்காமலேயே, ஆன்-கால் அட்டவணையையும் தானியங்கி வேலைகள் யார் பெயரில் ஓடுகின்றன என்பதையும் நான் பார்த்து வைத்திருக்க முடியும்.

பிந்தைய மாதங்களில் என் பங்கு, பணம் வந்ததா என்று கேட்டுக்கொண்டே இருப்பதுதான். இறுதிக் கணக்கு முடிய அன்று 45 நாட்கள் வரை எடுத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது. 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் ஒன்றான ஊதியச் சட்டத் தொகுப்பு, விலகிய இரண்டு வேலை நாட்களுக்குள் ஊதிய பாக்கியைத் தர வேண்டும் என்கிறது. இப்போது வேலை இழப்பவர்கள் அதைச் சொல்லிக் கேட்கலாம். வைப்பு நிதிக் கணக்கில் விலகிய தேதியை நிறுவனம் பதிந்ததா என்பதையும் பார்க்க வேண்டும், பதியாவிட்டால் பணத்தை மாற்றுவதும் முழுவதுமாக எடுப்பதும் தாமதமாகும். நால்வரில் இருவருக்கு அது பதியப்படாமல் கிடந்து, நான் இரண்டு முறை நினைவூட்டிய பிறகே நடந்தது. மூத்த பொறியாளரின் பணிக்கொடை ஜூன் இரண்டாம் வாரத்தில் அவர் கணக்குக்கு வந்தது.

சோதனைப் பொறியாளரை அந்த ஆண்டு ஆகஸ்டில் நாவலூரில் ஒரு தேநீர்க் கடையில் தற்செயலாகச் சந்தித்தேன். சிறிது நேரம் மகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்துவிட்டு, "அந்தச் செவ்வாய்க்கிழமையே உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார். தெரியும் என்றேன். லாகின் முடங்கும் என்பதும் தெரியுமா என்று கேட்டார். அது தெரியாது, பார்த்து வைத்திருக்க வேண்டியது என் வேலை, பார்க்கவில்லை என்றேன். அவர் அதற்கு எதுவும் சொல்லவில்லை. புதிய நிறுவனம் ஒன்றுக்குப் பரிந்துரையாளராக என் எண்ணைக் கொடுத்திருப்பதாகவும், அடுத்த வாரம் அழைப்பார்கள் என்றும் சொல்லிவிட்டுப் பேருந்துக்குக் கிளம்பினார்.